உடுப்புக்குக் கழிவு

அக்கா மகளின் வளர்ச்சிப் புத்தகத்தில் மூன்று புள்ளிகள் என் கையால் வைத்தவை. மூன்றும் பிழை. அழிறப்பரால் தேய்த்த தடம் இன்னும் அந்தப் பக்கத்தில் ஊத்தையாகத் தெரியும்.

பூண்டுலோயாவில் பஸ் ஏறி, அது திரும்பும் இடத்தில் இறங்கி, அங்கிருந்து அரை மணி நேரம் மேலே நடந்தால், தோட்டத் தொழிலாளருக்கு வரிசையாகக் கட்டிய வீடுகள், எங்கள் லயம். எங்கள் குடும்பத்தில் உயர்தரம் வரைக்கும் படித்தவன் நான் ஒருவன்தான். அக்கா எட்டாம் வகுப்போடு தேயிலைக் கொழுந்து எடுக்கப் போனாள். அவள் போனதால்தான் நான் படித்தேன். மச்சானுக்குக் கொழும்பில் கடை வேலை, மாதம் ஒரு தடவை வருவார். அதனால் வீட்டுக்கு வருகிற எந்தக் காகிதமும் என்னிடம்தான் வரும். மின்சார பில், தோட்டத்து நோட்டீஸ், மருந்துச் சீட்டு எல்லாம்.

"டேய் வாத்தியாரு, இத வாசிடா" என்பாள் அக்கா. நான் தோட்டப் பள்ளிக்கூடத்தில் உதவி ஆசிரியராகச் சேர்ந்து அப்போது ஒரு வருடம். அவள் 'வாத்தியாரு' என்று சொல்வதில் பாதி பெருமை, பாதி கிண்டல்.

பாப்பாவின் புத்தகமும் அப்படித்தான் என் கைக்கு வந்தது. எங்கள் பகுதிக்கு வருகிற மிட்வைஃப் மிஸ் நீண்ட லீவில் போயிருந்தார். நான்கைந்து மாதம் கிளினிக் இல்லை. பிள்ளைக் காம்பராவில், அதாவது அம்மாமார் கொழுந்தெடுக்க மலைக்குப் போகும்போது குழந்தைகளை விட்டுப்போகிற அந்த அறையில், ஒரு தொங்கு தராசு இருந்தது. பாப்பாவுக்கு ஒரு வயதானதிலிருந்து, அங்கே பிள்ளைகளைப் பார்க்கிற ஆயாம்மா மாதம் ஒரு தடவை நிறுத்து, துண்டுக் காகிதத்தில் எழுதித் தருவார். நான் அதைப் புத்தகத்தில் ஏற்றினேன்.

எனக்கு அது பிடித்திருந்தது. கீழே மாதங்கள், பக்கத்தில் கிலோ. நடுவில் நிறப் பட்டைகள்: பச்சை, அதற்குக் கீழே இளம்பச்சை, அதற்கும் கீழே செம்மஞ்சள், அடியில் சிவப்பு. பன்னிரண்டாம் மாதம் ஏழு கிலோ முந்நூறு. பதின்மூன்றில் ஏழரை. பதினாலில் ஏழு எழுநூறு. மூன்றும் இளம்பச்சையில், செம்மஞ்சளுக்குச் சற்று மேலே. அடிமட்டம் வைத்துக் கோடு இழுத்தேன். அழகாக ஏறியது.

"ஏறுதுக்கா, பாரு."

"ஏறாம? எம்புள்ளதானே" என்றாள்.

புத்தகத்தைப் பார்த்த அளவுக்கு நான் பிள்ளையைப் பார்க்கவில்லை. பாப்பா வைத்த இடத்தில் உட்கார்ந்திருப்பாள். பக்கத்து வீட்டுப் பையன் அவளைவிட ஒரு மாதம் இளையவன், சுவரைப் பிடித்து நடக்கத் தொடங்கியிருந்தான். இவள் எழும்பப் பார்க்கவே இல்லை. அவள் கையைச் சுற்றிப் பிடித்தால் என் பெருவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்ந்து இன்னும் இடம் மிஞ்சும். ஒரு தடவை அக்காவிடம் சொன்னேன். "நம்ம வம்சமே குள்ளந்தானடா. நீ என்ன பெரிய பனைமரமா?" என்றாள். நான் சிரித்துவிட்டு விட்டேன். கோடுதான் ஏறுகிறதே.

மிஸ் திரும்பி வந்து முதல் கிளினிக் வைத்த நாள் தூறல். தோட்டத்து டிஸ்பென்சரி வராந்தாவில் வரிசை. அக்கா அன்றைக்குக் காலையில் மலைக்குப் போகவில்லை. பகலுக்குப் பிறகு மட்டும் கொழுந்தெடுத்தால் அரைப் பேர்தான் விழும், அதாவது அரை நாள் வேலைதான் பதியப்படும். போனால் போகட்டும் என்று வந்திருந்தாள். பாப்பாவுக்கு இரண்டு சுவெட்டர், தடித்த ஜீன்ஸ், கம்பளித் தொப்பி, காலுறை, காலில் வெள்ளிக் கொலுசு. குளிருக்குத்தான் என்று நினைத்தேன்.

மிஸ்ஸுக்குத் தாய்மொழி சிங்களம். எங்கள் தோட்டங்களில் ஆறேழு வருடமாகச் சுற்றித் தமிழ் பிடித்துக்கொண்டவர். எங்கள் முறை வந்ததும் வெறும் தொங்கு துணியைத் தராசில் மாட்டி, முள்ளைப் பூச்சியத்துக்குத் திருப்பினார்.

"அம்மா, உடுப்பு கழிக்கணும்."

"சரி மிஸ்" என்று அக்கா தலையாட்டினாள். பாப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள்.

மிஸ் பார்த்தார். அக்கா பார்த்தாள். மிஸ் பேனாவை மேசையில் வைத்தார்.

"கழிக்கணும்."

"கழிங்க மிஸ். நான் என்ன வேணான்னா சொன்னேன்?"

வரிசையில் நின்ற பெண்கள் சிரித்தார்கள். மிஸ் கையை நீட்டிப் பாப்பாவின் தொப்பியை இழுத்தார். பிறகு மேல் சுவெட்டரின் பொத்தானைத் தொட்டுக் காட்டினார். அப்போதுதான் எனக்குப் பொறி தட்டியது. மிஸ் சொல்ல வந்தது 'கழட்டணும்'. அவர் வாயில் அது 'கழிக்கணும்' என்று வருகிறது.

அக்காவுக்குக் கழிப்பது என்றால் ஒன்றுதான். கொழுந்து நிறுக்கும்போது சாக்குக்கு இவ்வளவு, ஈரத்துக்கு இவ்வளவு என்று கணக்கப்பிள்ளை கழித்துவிட்டு மிச்சத்தைத்தான் எழுதுவார். பதினைந்து வருடமாக நாள் தவறாமல் அந்தத் தராசின் முன்னால் நிற்கிறவள் அவள். பாப்பா ஒன்பது மாதமாயிருந்தபோது மிஸ் இதே வார்த்தையைச் சொன்னாராம். அன்றைக்கு மழை, கூட்டம். யாரோ பின்னாலிருந்து பிள்ளையை வாங்கி உடுப்பைக் கழற்றித் தந்தார்கள். ஆனால் அக்காவின் காதில் விழுந்தது ஒன்றுதான்: இங்கேயும் உடுப்புக்குக் கழிக்கிறார்கள்.

"எவ்வளவு கழிப்பாங்கன்னு யாருக்குடா தெரியும்?" என்றாள் என்னிடம், சன்னக் குரலில். "ஒரு கிலோ கழிச்சுட்டாங்கன்னா? அதான் கொஞ்சம் கூடவே போட்டு விட்டேன். காம்பராவுலயும் அப்படித்தான்."

காம்பராவில் ஆயாம்மா குளிருக்குப் பயந்து உடுப்போடுதான் நிறுத்தார். கழிக்கவும் இல்லை. கேட்டிருக்க வேண்டியவன் நான். படித்தவன் நான். எண்ணை வாங்கிப் புள்ளி வைத்தேனே தவிர, அந்த எண் எப்படி வந்தது என்று ஒரு தடவைகூடக் கேட்கவில்லை.

பாப்பா வெறும் உடம்போடு தராசில் தொங்கினாள். சத்தம் போட்டு அழக்கூட இல்லை, முனகினாள். முள் ஏழு கிலோ நூறில் நின்றது.

மிஸ் என் மூன்று புள்ளிகளையும் பார்த்தார். பதினாலாம் மாதத்துக்கு நேரே, என் புள்ளிக்குக் கீழே, செம்மஞ்சளுக்குள் பேனாவால் புதிதாக ஒன்று வைத்தார். உடுப்பில் மட்டும் அறுநூறு கிராம் இருந்திருக்கிறது. ஒன்பதாம் மாதத்தில் அவரே வைத்த புள்ளிக்கும் இதற்கும் இடையில் ஒரு கோடு இழுத்தார். அது ஏறவில்லை. கிட்டத்தட்டப் படுத்தே கிடந்தது.

பிறகு பாப்பாவைப் பலகையில் படுக்க வைத்து நீளம் பார்த்தார். தலையைப் பலகையோடு ஒட்டி நான் பிடிக்க, முழங்காலை அமர்த்திப் பாதத்தில் கட்டையைத் தள்ளினார். எழுபத்தொன்றரை சென்றிமீற்றர். நீளத்துக்கு வேறு பக்கம், வேறு கோடுகள். அதில் அடிக்கோட்டுக்கு மேலே ஒரு நூல் இடைவெளி.

"நாங்க எல்லாம் கட்டை மிஸ். பரம்பரை" என்றாள் அக்கா.

"இந்த வயசுல பரம்பரை பேசாது அம்மா. சாப்பாடு பேசும், நோய் பேசும்." மிஸ் என் பக்கம் திரும்பினார். "தம்பி, ஒரு புள்ளி பாக்க வேணாம். கோடு எங்க போகுது, அது பாக்கணும். நிறை ஒரு மாசத்துல குறையும், ஒரு மாசத்துல ஏறும். உயரம் மெதுவா நிக்கும், மெதுவாத்தான் வரும். ரெண்டு வயசு தாண்டினா விட்டத எடுக்க ரொம்பக் கஷ்டம்."

இரண்டு மாதம் தந்தார். அதற்குள் கோடு மேலே திரும்பவில்லை என்றால் ஆஸ்பத்திரிக்கு எழுதுவார். வார்டில் வைத்துப் பார்ப்பார்கள். அக்கா ஆஸ்பத்திரி என்ற சொல்லைக் கேட்டதும் பாப்பாவை இறுக்கிக்கொண்டாள்.

"என்ன சாப்பிடுது?"

"எல்லாம் சாப்பிடுது மிஸ்."

"எல்லாம்னா?"

அக்கா என்னைப் பார்த்தாள். எனக்கும் தெரியவில்லை.

அந்தச் சனிக்கிழமை நான் ஒரு கொப்பியோடு உட்கார்ந்து, பாப்பாவின் வாய்க்குள் போனதையெல்லாம் எழுதினேன். காலையில் பால்மா போட்ட தேத்தண்ணி, அதில் நனைத்த இரண்டு பிஸ்கட். பத்து மணிக்குத் திரும்பவும் தேத்தண்ணி. பகலுக்குச் சோறு, கரைத்துப் பிசைந்து, மேலே ரசம். நான்கு வாய்க்குப் பிறகு தலையைத் திருப்பிக்கொண்டாள். பின்னேரம் ரொட்டி, அதுவும் தேத்தண்ணியில் ஊறியது. இராவைக்குத் தாய்ப்பால். முட்டை இல்லை, மீன் இல்லை, பருப்புகூட மேலே நிற்கிற தண்ணிதான்.

அக்கா வந்து கொப்பியை எட்டிப் பார்த்தாள். "என்னடா, வேலைக்குப் பேர் பதியிற மாதிரி புள்ளைக்கு செக்ரோல் போடுறியா?"

"வாசிக்கட்டா?"

வாசித்தேன். அவள் சிரிப்பு பாதியில் நின்றது. மிச்சமிருந்த ரசச் சோற்றுக் கிண்ணத்தை எடுத்தேன். மிஸ் சொன்னது போலக் கரண்டியில் அள்ளிச் சரித்தேன். ஒரு நொடிகூட நிற்கவில்லை, ஓடிவிட்டது. கரண்டியைச் சரித்தாலும் சாப்பாடு விழக் கூடாது, அப்படித் தடிப்பாக இருக்க வேண்டும் என்பது மிஸ் சொன்ன கணக்கு. சின்ன வயிற்றைத் தண்ணி நிரப்பிவிட்டால் சோற்றுக்கு இடம் இல்லை.

அக்கா கிண்ணத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மழைக் கொழுந்து" என்றாள்.

"என்ன?"

"மழைக் கொழுந்துடா இது. சாக்கு நிறைஞ்ச மாதிரி இருக்கும், முதுகு முறியும். தராசுல போட்டு ஈரத்துக்குக் கழிச்சா கையில ஒண்ணும் நிக்காது. இத்தன நாளா புள்ளைக்கு நான் தண்ணியத்தான் நிறுத்து நிறுத்து ஊட்டியிருக்கேன்."

மிஸ் அரை மணி நேரம் விளக்கியதை அவள் ஒரு வரியில் பிடித்துவிட்டாள். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் பாப்பாவுக்குத் தேத்தண்ணி நின்றது.

ஞாயிற்றுக்கிழமை பூண்டுலோயாவுக்கு இறங்கினேன். வழக்கமாகச் சாமான் வாங்குகிற முஸ்லிம் நானா கடையில், இருக்கிறதிலேயே பொடி நெத்தலிக் கருவாடு கேட்டேன்.

"என்ன தம்பி, பூனை வளக்கிறீங்களா?"

"அக்கா மகளுக்கு நானா. தூளாக்கிச் சோத்துல போட."

நானா சிரிப்பை விட்டுவிட்டு வேறு சாக்கைத் திறந்தார். "அப்ப இது வேணாம், உப்புக் கூட. இதக் கொண்டு போங்க. தலையையும் குடலையும் கிள்ளிப் போட்டு, ரெண்டு தண்ணியில கழுவிட்டு நல்லா காய வைச்சு வறுங்க. எங்க வீட்டுல என் கடைசி மகளுக்கும் இப்படித்தான்." மைசூர்ப் பருப்பும் தேங்காய் எண்ணெயும் வாங்கினேன். கரட்டும் உருளைக்கிழங்கும் பூசணியும் எங்கள் பக்கம் எப்போதும் கிடைக்கும். முட்டை லயத்துக் கோடியில் கோழி வளர்க்கிற வீட்டில் சொல்லி வைத்தோம். டிஸ்பென்சரியில் பாப்பாவுக்கென்று தந்த சத்துமா பைக்கட்டு அலமாரியில் ஏற்கெனவே இருந்தது. அதைத்தான் நானும் அக்காவும் இத்தனை நாளாக உருண்டை பிடித்துத் தின்று வந்தோம் என்பதையும் இங்கே எழுதிவிடுகிறேன். அது பாப்பாவின் பங்கு.

விடியற்காலை அக்கா பெரட்டுக்கு, அதாவது வேலைக்குப் பேர் கொடுக்கிற இடத்துக்கு, போகுமுன்னே சமைத்துவிடுவோம். அரிசியையும் பருப்பையும் ஒன்றாக வேகவைத்து, கரட்டோ பூசணியோ போட்டு, கடைசியில் ஒரு பிடி கீரை. இறக்கியதும் கரண்டியின் பின்பக்கத்தால் மசிப்போம். மேலே ஒரு தேக்கரண்டி எண்ணெய், ஒரு தேக்கரண்டி நெத்தலித் தூள். நெத்தலி போடாத வேளைக்கு அவித்த முட்டை. மூன்று வேளை இப்படி. இடையில் இரண்டு தடவை வாழைப்பழம், அவித்த உருளைக்கிழங்கு, அல்லது சத்துமா. தாய்ப்பால் அது பாட்டுக்கு.

பிள்ளைக் காம்பராவில்தான் தடங்கல் வந்தது. மூடி போட்ட டப்பாவைத் திறந்து பார்த்த ஆயாம்மா மூக்கைச் சுருக்கினார்.

"கருவாடா? பச்சப் புள்ளைக்கா? மாந்தம் வந்துரும்டி. முட்டையும் சூடு. ரசம் குடு, வயித்துக்கு இதம்."

"ஆயாம்மா, மாந்தம் வந்தா நான் பாத்துக்கிறேன். நீங்க பத்து மணிக்கும் பகலுக்கும் ஊட்டி மட்டும் விடுங்க" என்றாள் அக்கா.

"இருபது புள்ளைய வைச்சுக்கிட்டு உன் மகாராணிக்கு மட்டும் உக்காந்து ஊட்டணுமாக்கும்."

ஆயாம்மா சொன்னதும் நியாயம்தான். அதனால் பகல் சாப்பாட்டு நேரத்தில் அக்காவே மலையிலிருந்து ஓடி வந்து ஊட்டினாள். பள்ளிக்கூடம் காம்பராவுக்குப் பக்கத்திலேயே என்பதால் பத்து மணி இடைவேளை என்னுடையதானது. பாப்பா முதல் வாரம் துப்பினாள். என் ஒரே வெள்ளைச் சட்டையில் நெத்தலி வாசம் ஏறியது. மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் அதைக் கண்டுபிடித்துவிட்டார்கள். பரவாயில்லை என்று இருந்தேன். வற்புறுத்தாமல், அவள் முகத்தைப் பார்த்துப் பேசிக்கொண்டே, அவள் வாயைத் திறக்கும்வரை காத்திருக்கப் பழகினேன். இரண்டாம் வாரம் அவளே கரண்டியைப் பிடித்து இழுத்தாள்.

பதினைந்தாம் மாதம் ஏழு நானூறு. கோடு திரும்பியது. லயத்துக்குத் திரும்புகிற வழியெல்லாம் அக்கா பாப்பாவின் தலையை முகர்ந்துகொண்டே வந்தாள்.

அடுத்த வாரமே வயிற்றோட்டம். ஒரு நாளில் ஏழெட்டுத் தடவை போனாள். கண் குழி விழுந்தது. ஆயாம்மா வீட்டுக்கே வந்துவிட்டார். "சொன்னேன்ல? வயித்தக் காயப் போடு. ரெண்டு நாளைக்கு ஒண்ணும் குடுக்காத." அக்கா ஆடிப்போனாள். பானையை அடுப்பில் ஏற்றவில்லை. "நம்மதான் குடுத்துக் கெடுத்துட்டோமாடா?" என்று என்னைக் கேட்டாள். இந்தத் தடவை நான் கேட்காமல் விடுவதில்லை என்று இருந்தேன். மிஸ்ஸுக்கு போன் எடுத்தேன்.

"சாப்பாடு நிப்பாட்ட வேணாம்" என்றார். "டிஸ்பென்சரியில கரைசல் பைக்கட்டு வாங்கி, கொதிச்சு ஆறின தண்ணியில கரைச்சுக் குடுங்க, ஒவ்வொரு தடவை போன பிறகும். தாய்ப்பால் கூடக் குடுங்க. சாப்பாடு கொஞ்சம் கொஞ்சமா. ரத்தம் போனா, குடிக்க மாட்டேன்னா, சோந்து விழுந்தா உடனே ஆஸ்பத்திரி. சுகமான பிறகு ரெண்டு வாரத்துக்கு, நாளைக்கு ஒரு வேளை கூட்டிக் குடுங்க."

பிறகு கேட்டார்: "தண்ணி எங்க இருந்து எடுக்கிறீங்க?"

பீலியிலிருந்துதான், அதாவது மலை ஊற்றைத் திருப்பிவிட்ட குழாயிலிருந்து. காம்பராவுக்கும் எங்களுக்கும் அதே பீலி. அன்றிலிருந்து பாப்பாவின் தண்ணியைக் கொதிக்க வைத்தோம். ஊட்டுகிறவர் கைக்கு சவர்க்காரம். ஆயாம்மாவிடமும் அக்கா ஒரு சவர்க்காரக் கட்டியைக் கொண்டுபோய் வைத்தாள். "மாந்தம் இதுலதான் போகும் ஆயாம்மா" என்றாளாம். ஆயாம்மா இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் காம்பரா வாசலில் சவர்க்காரம் ஈரமாக இருந்தது.

நாலாம் நாள் வயிறு நின்றது. அதற்குள் பாப்பா பழைய பாப்பாவாகிவிட்டாள். விலா எலும்பு எண்ணலாம். பதினாறாம் மாதக் கிளினிக்குக்கு மூன்று வாரம்தான் இருந்தது. மிஸ் தந்த தவணை அதோடு முடிகிறது. ஐந்து வேளையை ஆறாக்கினோம். அந்த மூன்று வாரமும் என் பத்து மணி இடைவேளையில் நான் ஒரு தேத்தண்ணிகூடக் குடித்ததாக நினைவில்லை.

கிளினிக் நாளன்று நல்ல குளிர். அக்கா மறுபடியும் அரைப் பேரோடு வந்தாள். எங்கள் முறை வருவதற்கு முன்னே, வராந்தா வாங்கில் உட்கார்ந்து, தானே ஒவ்வொன்றாகக் கழற்றினாள். தொப்பி, சுவெட்டர், காலுறை. கடைசியில் கொலுசையும் கழற்றி என் சட்டைப் பையில் போட்டாள். சால்வைக்குள் பாப்பாவைச் சுற்றிக்கொண்டு எழுந்தாள்.

"மிஸ், எல்லாம் கழிச்சாச்சு."

மிஸ்ஸுக்கு இப்போது அந்தக் கதை தெரியும். "கழட்டியாச்சு" என்று அவர் திருத்தினார். வரிசை சிரித்தது.

முள் ஆடியது. இந்தத் தடவை பாப்பா கத்தினாள், காலை உதைத்தாள். முள் நிற்கவே இல்லை. மிஸ் அவளைச் சமாதானப்படுத்தி, திரும்பப் பார்த்தார். ஏழு அறுநூறு.

புள்ளி வைத்துக் கோடு இழுத்தார். கீழே கிடந்த கோடு இரண்டு படியாக ஏறியிருந்தது. இன்னும் செம்மஞ்சள்தான். இளம்பச்சையின் விளிம்பு அதற்கு மேலே ஒரு மயிரிழை.

"நோய் வந்த மாசத்துலயும் ஏறியிருக்கு" என்றார் மிஸ். "ஆஸ்பத்திரிக்கு எழுத வேணாம். ஆனா விடக் கூடாது. உயரம் இனித்தான்."

அக்கா குனிந்து விரலால் அந்தப் புள்ளியைத் தொட்டாள். எழுத்தைக் கண்டால் என்னிடம் தள்ளிவிடுகிறவள், அந்தப் பக்கத்தை என்னைக் கேட்காமலே பார்த்தாள்.

"பச்சைக்கு எவ்வளவுடா குறையுது?"

"ஒரு நூறு கிராம், அக்கா. ஆனா அடுத்த மாசம் அந்தப் பச்சைக் கோடும் மேல போயிரும். நாம அதவிட வேகமாப் போகணும்."

"நூறு கிராமா?" என்றாள். "அது ஒரு கைக் கொழுந்துடா."

பாப்பாவுக்கு உடுப்பை மாட்டினாள். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். பத்து மணி. பையிலிருந்து டப்பாவை எடுத்து டிஸ்பென்சரிப் படியிலேயே உட்கார்ந்தாள். ஒரு கரண்டி அள்ளி, பாப்பாவின் வாய்க்குக் கொண்டு போகுமுன் என் பக்கமாகச் சரித்துக் காட்டினாள். விழவில்லை.